டயப்பர் ராஷ்: கிரீம் போதுமா, மருந்து வேண்டுமா?

டயப்பரைக் கழற்றியதும் குழந்தையின் பிட்டம் சிவந்திருந்தால், கைக்குக் கிடைத்த கிரீமை மெல்லிசாகப் பூசிவிட்டு மறுபடி டயப்பரை மூடிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலான சிவப்பு இரண்டு மூன்று நாளில் ஆறிவிடுவதால், கிரீம்தான் ஆற்றியது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆறாமல் போகும்போதுதான் குழப்பம். வேறு கிரீம் வாங்குகிறோம், அதுவும் கேட்கவில்லை என்றால் பவுடர் போடுகிறோம், கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பு வரை போய்விடுகிறோம். ஆறாத சிவப்பில் கணிசமானது பூஞ்சை குடியேறிய புண். அதற்கு எவ்வளவு நல்ல தடுப்புக் கிரீமாக இருந்தாலும் பயனில்லை, பூஞ்சையைக் கொல்லும் மருந்துதான் வேண்டும். இந்த இரண்டையும் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். சிவப்பு எவ்வளவு என்பதைவிட எந்த இடத்தில் என்பதுதான் அதிகம் சொல்லும்.

அதற்குக் காரணம் சாதாரண டயப்பர் ராஷ் உண்டாகும் விதத்திலேயே இருக்கிறது. ஈரத்தில் ஊறிய தோல் மெத்தென்று இளகிவிடும். இளகிய தோல்மீது டயப்பர் உரசினால் மேலடுக்கு சிராய்ந்துபோகும். மலத்தில் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் மிச்சம் இருக்கின்றன. அவை சிராய்ந்த தோலையும் உணவைப் போலவே அரிக்கத் தொடங்கும். சிறுநீர் மட்டும் இருந்தால் இவ்வளவு சேதம் வராது. சிறுநீரும் மலமும் ஒன்றாகக் கலக்கும்போது, மலத்தில் உள்ள பாக்டீரியா சிறுநீரின் யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். சிறுநீரின் காரவாடையே தோலைச் சுடுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில் அமோனியா செய்வது தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மையைக் குறைப்பது. அமிலம் குறைந்ததும் மலத்தின் நொதிகளுக்கு வேகம் கூடிவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் பிட்டம் பச்சைப்புண்ணாகிவிடுவது இதனால்தான். மலம் குடலில் தங்காமல் ஓடிவருவதால் நொதிகள் அதிகம் கலந்து வருகின்றன, அதுவும் நாளுக்கு ஐந்தாறு தடவை.

இப்போது இடத்துக்கு வருவோம். சாதாரண ராஷ், டயப்பர் அழுந்தி உரசும் மேடான இடங்களில்தான் வரும்: பிட்டத்தின் இரண்டு மேடுகள், அடிவயிறு, பிறப்புறுப்பைச் சுற்றி, தொடையின் உட்புறச் சதைப்பகுதி. தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பை விரல்களால் மெல்ல விரித்துப் பார்த்தால் உள்ளே தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் டயப்பர் அந்த ஆழத்தில் தொடுவதே இல்லை. இந்த மடிப்பை விரித்துப் பார்ப்பதை ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பின்னால் இது பயன்படும்.

கிரீமுக்கு முன்னால்

தடுப்புக் கிரீம் தோலை ஆற்றுவதில்லை. தோல் தானாக ஆறும்வரை மலமும் ஈரமும் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் கழுவுவதும் காயவைப்பதும் சரியாக இல்லை என்றால் எந்தக் கிரீமும் எடுபடாது.

மலம் கழித்ததும் உடனே மாற்ற வேண்டும். சிறுநீர் மட்டும் என்றால் விழித்திருக்கும் நேரத்தில் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். புண் இருக்கும் நாட்களில் இரவிலும் ஒரு தடவையாவது மாற்றுவது நல்லது. கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். மிகவும் எரிச்சலாக இருந்தால் பஞ்சைக்கூடத் தொடவிடாமல், சிறு பாத்திரத்தால் தண்ணீரை ஊற்றிக் கழுவலாம். சோப்பு தேவையில்லை. ஈரத் துடைப்பான் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். துவட்டும்போது தேய்க்காமல் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஒரு துண்டை விரித்து அதன்மேல் 10, 15 நிமிடம் டயப்பர் இல்லாமல் விடுங்கள். நாளுக்கு மூன்று தடவையாவது இப்படிக் காற்றாட விட்டால் ஆறும் வேகம் நன்றாகவே தெரியும். துண்டு நனையும்தான், அந்தச் சிரமம் தகும்.

டயப்பர் இறுக்கமாக இருந்தால் ஒரு அளவு பெரியதற்கு மாறலாம். துணி நாப்பி கட்டுகிறவர்கள், சோப்பு துளியும் தங்காதபடி நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவங்களைத் தவிர்க்க வேண்டும், புண் ஆறும்வரை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

எந்தத் தடுப்புக் கிரீம், எவ்வளவு

கடையில் பெயர்கள் எத்தனை இருந்தாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்றே பொருட்கள்தான்: ஜிங்க் ஆக்சைடு, பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன். டப்பாவின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் இவற்றில் எது, எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

ஜிங்க் ஆக்சைடு வெள்ளையாக, மாவுபோல் படியும். கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சிவப்பு லேசாக இருக்கும்போது 10 முதல் 20 சதவீதம் உள்ளது போதுமானது. தோல் உரிந்து கசிகிறது, அல்லது வயிற்றுப்போக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் 40 சதவீதம் வரை உள்ள கெட்டியான பேஸ்ட் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி ஒளி ஊடுருவும் என்பதால் அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று துடைக்காமலே பார்க்கலாம். புண் வராதிருக்கவும் ஆரம்பச் சிவப்புக்கும் அது நல்லது, ஆனால் தண்ணியான மலத்தின் முன் சீக்கிரம் வழுக்கிப் போய்விடும். டைமெத்திகோன் பிசுபிசுப்பில்லாத மெல்லிய படலம். பெரும்பாலும் மற்றவற்றோடு கலந்தே வரும்.

பேஸ்ட், களிம்பு, கிரீம், லோஷன் என்ற பெயர்களில் உள்ள வித்தியாசம் முக்கியமானது. இந்த வரிசையில் போகப்போக தண்ணீரின் அளவு கூடும். தண்ணீர் கூடினால் தடுப்பு குறையும், கெடாமல் இருப்பதற்கான வேதிப்பொருளும் சேர்க்க வேண்டிவரும். உரிந்த தோலில் அந்த வேதிப்பொருளே எரியும். அதனால் புண் உள்ள குழந்தைக்குப் பேஸ்ட் அல்லது களிம்புதான் என் தேர்வு. சேர்மானப் பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வாசனை, மூலிகைச் சாறு, வாசனை எண்ணெய் எதுவும் இந்தத் தோலுக்கு வேண்டாம்.

அடுத்தது அளவு. அதிகம் பிசகுவது இங்கேதான். முகத்துக்குப் பூசுவதுபோல் தேய்த்து மறையவைத்தால் தடுப்பே கிடையாது. ஜிங்க் பேஸ்ட் என்றால் அடியில் இருக்கும் சிவப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு கனமாக இருக்க வேண்டும், கேக்கின்மேல் க்ரீம் படிந்திருப்பதுபோல. தேய்க்காமல் விரல் நுனியால் மேலே வைத்து நிரவிவிடுங்கள். அது டயப்பரில் ஒட்டிக்கொண்டு போகாமலிருக்க மேலே ஒரு மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லிப் பூச்சு கொடுக்கலாம். ஜெல்லியையும் அள்ளிப் பூசினால் டயப்பர் ஈரத்தை உறிஞ்சுவது குறையும் என்பதால் அந்த மேற்பூச்சு மெல்லிசாகவே இருக்கட்டும்.

அடுத்த முறை மாற்றும்போது பேஸ்ட் முழுவதையும் சுரண்டி எடுக்கக் கூடாது. நாள்முழுக்க நல்ல கிரீமே போட்டும் புண் ஆறவில்லை என்று வருகிறவர்களிடம் விசாரித்தால் பல நேரம் இதுதான் வெளிவரும். ஒவ்வொரு தடவையும் வெள்ளை போகும்வரை தேய்த்திருப்பார்கள், புதிதாக முளைத்த தோலும் கூடவே போயிருக்கும். மலம் பட்ட மேலடுக்கை மட்டும் துடைத்தெடுத்து, குறைந்த இடத்தில் மறுபடி நிரப்புங்கள். நாளுக்கு ஒருமுறை முழுவதும் எடுத்துத் தோலைப் பார்த்தால் போதும். அதையும் தண்ணீரால் தேய்க்காமல், வாசனை சேர்க்காத மினரல் ஆயிலைப் பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் ஊறவைத்து வழித்தால் வலிக்காமல் வந்துவிடும்.

பவுடர் வேண்டாம். டால்க் ஆனாலும் சோளமாவு ஆனாலும் தட்டும்போது கிளம்பும் தூசியைக் குழந்தை மூச்சோடு இழுத்துவிடும், நுரையீரலுக்கு அது ஆபத்து. போரிக் அமிலம், சமையல் சோடா போன்றவை உரிந்த தோல்வழியே ரத்தத்தில் கலந்து நஞ்சாகும். மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் உள்ள களிம்புகளும் கைக்குழந்தைக்குக் கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடலாம்.

பூஞ்சை எப்படித் தெரியும்

கேண்டிடா என்ற பூஞ்சை வெளியிலிருந்து வந்து தொற்ற வேண்டியதில்லை. பல குழந்தைகளின் குடலில் அது ஏற்கெனவே இருக்கிறது, மலத்தோடு வெளியே வருகிறது. சூடும் ஈரமும் சிராய்ந்த தோலும் கிடைத்தால் அங்கேயே வளரும். சாதாரண ராஷ் மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும்போது பூஞ்சையைச் சந்தேகிக்கச் சொல்வது இதனால்தான். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. பூஞ்சையை அடக்கிவைத்திருந்த பாக்டீரியா செத்துப்போகின்றன, பல நேரம் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருகிறது.

பூஞ்சைக்கு மிகவும் பிடித்த இடம் மடிப்பு, அங்கேதான் ஈரம் காயாது. எனவே மடிப்பை விரித்துப் பார்க்கும்போது ஆழத்தில் பளபளப்பான அடர் சிவப்பு தெரிந்தால் அதுவே முதல் அடையாளம். இரண்டாவது, சிவப்பின் விளிம்பு. சாதாரண ராஷ் ஓரத்தில் மெல்ல மங்கிக் கலந்துவிடும். பூஞ்சைச் சிவப்புக்குக் கோடு கிழித்ததுபோல் எல்லை இருக்கும், அந்த எல்லையில் மெல்லிய வெள்ளைச் செதில் உரியும். மூன்றாவது அடையாளம்தான் எல்லாவற்றையும்விட நம்பகமானது: பெரிய சிவப்புத் திட்டை விட்டு விலகி, நல்ல தோலில், ஓரிரு மில்லிமீட்டர் அளவில் தனித்தனியாகச் சிதறிய சிவப்புப் புள்ளிகள். சிலவற்றின் நுனியில் சீழ்போல் வெள்ளை தெரியும். இவை உள்ளே மடிப்பில் தொடங்கிய பூஞ்சை வெளியே பரவுவதன் அறிகுறி.

மாநிறமும் கருநிறமும் உள்ள குழந்தைகளுக்கு இந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, பழுப்பாகவோ, ஊதா கலந்தோ தெரியலாம். அப்போது நிறத்தை நம்பாமல் பளபளப்பு, விளிம்பு, சிதறிய புள்ளிகள் இவற்றையே பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. கூடவே வாயையும் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ பால் படிந்ததுபோல் வெள்ளை இருந்து, ஈரத்துணியால் மெல்லத் துடைத்தும் போகவில்லை என்றால் வாயிலும் அதே பூஞ்சை இருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்தே மருத்துவம் வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கிய பூஞ்சை மலத்தோடு திரும்பவும் டயப்பருக்கே வரும்.

ஒரு குழந்தையை வைத்து நாள்வாரியாகப் பார்ப்போம். 9 மாதக் குழந்தைக்குக் காதில் தொற்று, 7 நாளுக்கு ஆன்டிபயாட்டிக். இரண்டாம் நாளே மலம் தண்ணியாகப் போகத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் பிட்டத்தின் மேடுகள் சிவக்கின்றன. மடிப்பை விரித்தால் உள்ளே சுத்தம், புள்ளிகள் இல்லை. இது சாதாரண ராஷ். கழுவி, காற்றாடவிட்டு, 40 சதவீத ஜிங்க் பேஸ்ட்டைக் கனமாகப் போடுகிறார்கள். ஐந்தாம் நாள் மேடுகளில் சிவப்பு மங்குகிறது, பார்த்தால் ஆறிவருவதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் வலது தொடை மடிப்பில் மட்டும் ஒரு அடர்ந்த கோடு. ஆறாம் நாள் அது இரண்டு பக்கமும் பட்டையாக விரிந்து, அடிவயிற்றில் ஏழெட்டுச் சிறு புள்ளிகள் தெரிகின்றன. மேடு ஆறிக்கொண்டிருக்கும்போதே மடிப்பு மோசமாவதைக் கவனியுங்கள். கிரீம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, அது செய்ய முடியாத வேலை இப்போது வந்திருக்கிறது. பூஞ்சை மருந்தைத் தொடங்க வேண்டிய நாள் இதுதான். காதுக்கான ஆன்டிபயாட்டிக்கை இதற்காகத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும்.

மருந்து போடும் முறை

பூஞ்சைக்குப் பொதுவாகத் தருவது குளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம், நிஸ்டாடின் ஆகியவற்றில் ஒன்று. மருத்துவரோ மருந்தாளரோ குழந்தையைப் பார்த்து உறுதிசெய்த பிறகு தொடங்குவது நல்லது, முதல் தடவை என்றால் கட்டாயம். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, சீட்டில் எழுதியிருப்பதுபோல் போட வேண்டும்.

தடுப்புக் கிரீமுக்குச் சொன்ன விதி இங்கே தலைகீழ். மருந்து தோலைத் தொட்டால்தான் வேலை செய்யும், அதனால் பழைய பேஸ்ட்டை மினரல் ஆயிலால் எடுத்துவிட்டு, கழுவி, நன்றாக உலரவைத்து, மருந்தை மெல்லிசாகத் தடவ வேண்டும். மடிப்பின் ஆழத்திலும் தடவுங்கள், சிதறிய புள்ளிகளைத் தாண்டி ஒரு விரல் அகலம் நல்ல தோலிலும் தடவுங்கள். சில நிமிடம் விட்டு அதன்மேல் ஜிங்க் பேஸ்ட்டை வைக்கலாம். பேஸ்ட்டை முதலில் போட்டு அதன்மேல் மருந்து தடவினால் மருந்து தோலுக்குப் போகாது. சில மருத்துவர்கள் பூஞ்சை அடங்கும்வரை தடுப்புக் கிரீமே வேண்டாம் என்பார்கள். உங்கள் மருத்துவர் அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள், மாற்றும் இடைவெளியை மட்டும் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நாம் பார்த்த குழந்தைக்கு மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாளில் புதிய புள்ளிகள் வருவது நின்றுவிட வேண்டும். சிவப்பு அதன்பிறகுதான் மெதுவாக மங்கும். மேல்தோல் கொஞ்சம் உரியும், அது ஆறுவதன் பகுதி. கண்ணுக்குத் தெளிவானதும் மருந்தை விட்டுவிடத் தோன்றும். விடாமல் இன்னும் இரண்டு மூன்று நாளாவது தொடருங்கள், சில மருத்துவர்கள் மொத்தம் இரண்டு வாரம் போடச் சொல்வார்கள். ஒரு வாரம் சரியாகப் போட்டும் மாற்றமே இல்லை என்றால் வேறு மருந்துக்குத் தாவாமல் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர் தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, அது பூஞ்சைதானா என்று உறுதிசெய்வார்.

ஸ்டீராய்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வீக்கமும் எரிச்சலும் மிகுந்திருந்தால் மருத்துவர் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனை, அதாவது மிக மென்மையான வகையை, நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 7 நாள் என்று எழுதித்தரலாம். அது சரியான மருத்துவம். ஆபத்து எங்கே என்றால், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டைப் பூஞ்சை மருந்தோடும் பாக்டீரியா மருந்தோடும் கலந்து வரும் களிம்புகளில். எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் என்று அவை வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. தடவிய மறுநாளே சிவப்பு குறைவதால் நம்பிக்கையும் வந்துவிடுகிறது. டயப்பர் மூடிக்கட்டியதுபோல் இருப்பதால் ஸ்டீராய்டு வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இறங்குகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து கோடுகள் விழும், ஊதாச் சிவப்புக் கட்டிகள் கிளம்பலாம், ரத்தத்தில் கலந்து உடலின் சொந்த ஹார்மோன் சுரப்பையே அடக்கிவிடலாம். பெரியவர்களுக்கு வாங்கிய டியூப்பை ஒருபோதும் குழந்தைக்குப் போடாதீர்கள்.

மடிப்பில் வரும் எல்லாமே பூஞ்சையும் அல்ல. மலத்துவாரத்தைச் சுற்றி வட்டமாக, கூர்மையான எல்லையோடு சிவந்து, மலம் கழிக்கும்போது குழந்தை வலியில் வீறிட்டால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் வேண்டும், பூஞ்சைக் களிம்பு கேட்காது. தேன்நிறப் பொருக்கு அல்லது சீழ்க்கொப்புளம் இருந்தால் அதுவும் பாக்டீரியாதான். டயப்பர் இடத்தோடு வாயைச் சுற்றியும் கைகால் நுனிகளிலும் புண் வந்து, வயிற்றுப்போக்கும் முடி உதிர்வும் சேர்ந்திருந்தால் துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம், அதை ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். காய்ச்சல், கொப்புளம், ரத்தக்கசிவு, வேகமாகப் பரவும் வீக்கம், பால் குடிக்க மறுப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பிறந்து 6 வாரம் ஆகாத குழந்தை என்றால் மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, முதல் நாளே காட்டிவிடுங்கள்.